தேதி சொல்லுங்கள் சார்: ஓதம் ஏறிய சுவரும் ஓனருக்கு ஒரு பதிலும்

வாடகைக்குக் குடியிருக்கும் பலருக்கும் இப்படி ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். அதில் கோபம் இருக்காது, மறுப்பு இருக்காது, மரியாதைக்கும் குறைவிருக்காது. படித்து முடித்த பிறகுதான் வேலை எப்போது நடக்கும் என்று எங்கேயும் சொல்லவில்லை என்பது தெரியவரும். எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த ஒன்றைப் பாருங்கள். வீடு சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட். உரிமையாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் இருக்கிறார். 2025 செப்டம்பர் 29, திங்கட்கிழமை அவரிடமிருந்து பதில் வருகிறது.

"வணக்கம் தம்பி. பெட்ரூம் சுவர் போட்டோ பார்த்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். நம்ம பிளம்பர் ஊருக்குப் போயிருக்கிறார். அந்த பாத்ரூம் டைல்ஸும் இப்போது வருவதில்லை என்கிறார்கள். மழை வேறு ஆரம்பிக்கப்போகிறது. மழைக்காலம் முடிந்ததும் பெயின்டிங்கோடு சேர்த்து மொத்தமாகச் செய்துவிடலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்டிப்பாகச் செய்து தருகிறேன்."

இதற்குப் பெரும்பாலானோர் இரண்டு விதமாகப் பதில் எழுதுவார்கள். "சரி சார், கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள்" என்பது ஒன்று. அது அடுத்த மூன்று மாதத்துக்கு நாமே எழுதிக் கொடுக்கும் அனுமதி. "ஒரு மாதமாகச் சொல்கிறேன், இனி வாடகை தர மாட்டேன்" என்பது இன்னொன்று. அதைப் படித்ததும் பேச்சு சுவரை விட்டு வாடகைக்குத் தாவிவிடும். இரண்டிலும் தேதி கிடைக்காது. மரியாதையும் குறையாமல் தேதியும் கிடைக்கிற பதில் ஒன்று உண்டு. ஆனால் அதை எழுத, அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது, அதைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகும் என்று நமக்கு ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

உரிமையாளரின் கடிதத்தை இன்னொரு முறை நிதானமாகப் படித்தால், அவர் ஏமாற்றுவதாகத் தோன்றாது. அவரிடமே தேதி இல்லை. சுவரைக் கொத்திப் பார்த்தவர் யாரும் இல்லாததால் எவ்வளவு வேலை என்று அவருக்குத் தெரியாது. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, ஊருக்குப் போன ஒரு பிளம்பரை நம்பியிருக்கிறார். கையில் இல்லாத தேதியை எத்தனை முறை கேட்டாலும் "சீக்கிரம்" என்றுதான் பதில் வரும். ஆகவே அவருக்குத் தேதி கிடைக்கும்படி செய்வதும் நம் பதிலின் வேலைதான்.

முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்த வீட்டில் படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் குளியலறை. தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரத்தில் பெயின்ட் உப்பி, பொரிந்து, தொட்டால் பொடியாக உதிர்கிறது. ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. செங்கல்லிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் காற்றில் உலர்ந்துவிட, உப்பு மட்டும் சுவரின் மேல் தங்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஓதத்துக்கு மூன்று இடத்திலிருந்து தண்ணீர் வரலாம். வெளிச்சுவர் விரிசல் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் ஒன்று. குளிக்கும் தண்ணீர் தரை டைல்ஸ் இடுக்கிலோ கழிவுநீர்க் குழாயிலோ கசிவது இன்னொன்று. சுவருக்குள் பதித்த தண்ணீர் லைன் ஒழுகுவது மூன்றாவது. மழைத் தண்ணீராக இருந்தால் மழை நாளில் கூடி, வெயில் நாளில் காயும். குளியல் தண்ணீராக இருந்தால் பெரும்பாலும் சுவரின் அடிப்பகுதியில் தொடங்கும். நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால் குறைந்திருக்கும். பதித்த லைன் ஒழுகினால் வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அந்தக் குழாயில் மேல்தொட்டித் தண்ணீரின் அழுத்தம் இரவும் பகலும் இருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்கக் குடியிருப்பவரே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஓதத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளியலறைக்குப் போகும் லைனின் வால்வை இரண்டு இரவுகள் மூடி வையுங்கள். குளிக்கப் பக்கெட் தண்ணீர் போதும். பிறகு வால்வைத் திறந்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். மூடியிருந்தபோது கோட்டுக்குள்ளேயே நின்ற ஓதம், திறந்த பிறகு கோட்டைத் தாண்டினால், சந்தேகம் பதித்த லைன் மேல்தான் விழும். நம் எடுத்துக்காட்டில் அப்படித்தான் நடக்கிறது. வால்வை மூடியிருந்த நாட்களிலும் பக்கெட் தண்ணீரில் அதே இடத்தில் குளித்தார்கள், அப்போது ஓதம் நகரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குளிக்கும் தண்ணீர் காரணமில்லை என்பதும் தெளிவாகிறது.

ஒழுகும் இடம் பெரும்பாலும் குழாயின் நடுவில் இருக்காது, இணைப்பில் இருக்கும். பழைய வீடுகளில் இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகும். பிளாஸ்டிக் குழாய் போட்ட வீடுகளில் டேப்பை முறுக்கிப் பொருத்தும் அந்த எல்போவில்தான் சிக்கல் வரும். டேப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் எல்போவில் மயிரிழை போல் விரிசல் விழும். அல்லது டெஃப்லான் டேப் நைந்து நூல் வழியாகச் சொட்டும். சொட்டுச் சொட்டாக விழுவதால் தண்ணீர் பில்லிலோ தொட்டி அளவிலோ வித்தியாசம் தெரியாது. சுவர் மட்டும் நனைந்துகொண்டே இருக்கும்.

இனி வேலை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். தேதி கேட்பவருக்கு மிகவும் உதவுவது இந்த அறிவுதான். முதல் நாள் டைல்ஸை உடைத்து, சுவரில் காடி எடுத்து, கெட்டுப்போன இணைப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை ஒட்டுவார்கள். கொத்திப் பார்த்து இடம் சரியாகத் தெரிந்துவிட்டால் இது ஒரு நாள் வேலை. ஒட்டிய இணைப்பு இறுகச் சில மணி நேரம் விட வேண்டும். அதன் பிறகு லைனில் தண்ணீர் விட்டு, காடியை மூடாமல் ஒரு இரவு முழுக்கத் திறந்தே வைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தச் சோதனைக்கான கைப்பம்ப் பிளம்பரிடம் இருந்தால் அளவுமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் இணைப்பைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்து மறுநாள் காலையில் ஈரமாகியிருக்கிறதா என்று பார்த்தாலும் போதும். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரவைத் தாண்டிப் போகும்போதுதான். கொத்தனாரும் பிளம்பரும் ஒரே நாளில் முடித்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். அன்றைக்கே பூசி மூடிவிட்டால், சொட்டு நின்றதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று வாரம் கழித்துச் சுவர்தான் சொல்லும், மறுபடி டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.

சோதனை சரியாக இருந்தால் சிமென்ட் கலவையால் காடியை அடைத்து, இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்து ஆற விடுவார்கள். அதன் மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு கை. அது காய்ந்ததும் டைல்ஸ் ஒட்டி, மறுநாள் இடுக்குகளை நிரப்புவார்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நாள் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் நெருக்கடி இருக்காது. அதுவரை அந்தக் குளியலறையில் குளிக்க முடியாது. வீட்டில் இன்னொரு குளியலறை இல்லையென்றால் இதையும் பதிலில் சொல்ல வேண்டியது அவசியம்.

கடைசியாக வருவது படுக்கையறைப் பக்கம். நனைந்த சுவர் உள்ளேயிருந்து காய வாரக்கணக்கில் ஆகும். ஈரம் போகுமுன் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அதே இடத்தில் மறுபடி கொப்புளம் வரும். புதிதாகப் பூசிய சிமென்ட் பூச்சுக்கே சுமார் நான்கு வாரம் விட்டுத்தான் பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதற்கும் மேலாகும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு உரிமையாளரின் கடிதத்துக்குத் திரும்பினால் அவர் சொன்ன மூன்று காரணங்களும் வெவ்வேறாகத் தெரிகின்றன. மழை என்ற காரணம் பெயின்டிங்குக்கு முழுக்கச் சரி. குழாய் வேலைக்கு அது பொருந்தாது, ஏனென்றால் அது வீட்டுக்குள் நடக்கும் வேலை. அதைத் தள்ளிப்போட்டால் மூன்று மாதமும் சுவர் கூடுதலாக நனையும், பெயின்டிங்கும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். டைல்ஸ் கிடைக்காது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் உடைக்க வேண்டியது சில டைல்ஸ்தான். பல வீடுகளில் கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் பரணிலோ மொட்டைமாடி அறையிலோ கிடக்கும். இல்லாவிட்டால் அந்த உயரத்தில் வேறு நிறத்தில் ஒரு வரிசை பார்டர் போலப் போட்டுவிடலாம், பார்க்கவும் திட்டமிட்டுச் செய்தது போலிருக்கும். பிளம்பர் ஊருக்குப் போயிருக்கிறார் என்பதற்கு, அவர் எப்போது வருவார் என்று ஒரு கேள்வியும், வராவிட்டால் இன்னொருவர் என்று ஒரு யோசனையும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், கடிதத்தில் எழுதுவதற்காக அல்ல, தயக்கமில்லாமல் கேட்பதற்காக. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பராமரிப்பு யாருடையது என்று அதன் அட்டவணை பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, சுவருக்கு வெள்ளையடிப்பது ஆகியவை உரிமையாளர் பக்கம். டேப், வாஷர் மாற்றுவது, வடிகால் அடைப்பு எடுப்பது, ஸ்விட்ச் மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பக்கம். வாடகை ஒப்பந்தத்தில் இதைப் பற்றித் தனியாக ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுத்துப் படித்துவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பழுது சுவருக்குள் பதித்த குழாயில் என்பதால் செலவு உரிமையாளருடையது, அவரும் அதை மறுக்கவில்லை. மறுக்காத ஒருவரிடம் சட்டப் பிரிவு எண்ணைக் காட்டினால் அவர் வக்கீலைத் தேடுவார், பிளம்பரைத் தேட மாட்டார். அதனால் முதல் பதிலில் சட்டம் வேண்டாம்.

இனி பதில். அவர் எழுதிய அதே மின்னஞ்சலுக்கு மறுமொழியாக, தலைப்பை மாற்றாமல் அனுப்புங்கள். பழைய போட்டோக்களும் பேச்சும் ஒரே சங்கிலியில் இருக்கும். செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை அனுப்பும் பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார்.

உடனே பதில் எழுதியதற்கு நன்றி. பெயின்டிங்கை மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னது சரிதான். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அடிப்பதே நல்லது.

குழாய் வேலையை மட்டும் இப்போதே முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். பாத்ரூம் லைன் வால்வை இரண்டு இரவுகள் மூடிவைத்துப் பார்த்தேன். அப்போது ஓதம் நின்றுவிட்டது. திறந்ததும் மறுபடி ஏறுகிறது. போட்டோ இணைத்திருக்கிறேன். சுவருக்குள் இருக்கும் லைன்தான் ஒழுகுகிறது என்று தோன்றுகிறது. விட்டுவைத்தால் சுவர் இன்னும் நனைந்து உங்களுக்குச் செலவு கூடும்.

வேலை நடக்கும்போது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும், அதற்கு நான் ஆபீஸில் முன்கூட்டியே லீவு சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் கீழே உள்ள தேதிகள் உங்களுக்குச் சரிவருமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பிளம்பர் வந்து பார்ப்பது: அக்டோபர் 4, சனிக்கிழமை, காலை 10 மணிக்கு மேல் எந்த நேரமானாலும் சரி.
வேலை தொடங்குவது: அக்டோபர் 6, திங்கட்கிழமை.
டைல்ஸ் ஒட்டி முடித்து பாத்ரூம் திரும்பப் பயன்பாட்டுக்கு வருவது: அக்டோபர் 16, வியாழக்கிழமை.
பெட்ரூம் சுவர் பட்டி, பெயின்டிங்: பொங்கல் முடிந்து, ஜனவரி 24-க்குள்.

அக்டோபர் 20 தீபாவளி. அதற்கு முன்பே ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால்தான் 16-ஆம் தேதி என்று குறித்தேன். குழாய் மாற்றியதும் ஒரு இரவு மூடாமல் விட்டு, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே பூசச் சொல்லுங்கள், போதும். சுவரைக் கொத்திப் பார்த்ததில் வேலை அதிகம் என்று தெரிந்தால் தேதி மாறலாம், அது எனக்குப் புரியும். புதுத் தேதியை அன்றே தெரிவித்தால் லீவை மாற்றிக்கொள்வேன்.

டைல்ஸைப் பொறுத்தவரை, கட்டியபோது மிஞ்சியது மாடி அறையில் இருக்கிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்டுப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் பொருந்துகிற வேறு நிறத்தில் ஒரு வரிசை போட எனக்குச் சம்மதம். நீங்கள் தேர்ந்தெடுத்தால் போதும்.

உங்கள் பிளம்பர் 4-ஆம் தேதி வர முடியாவிட்டால் சொல்லுங்கள். இங்கே பக்கத்தில் ஒருவரை வரவழைத்து எஸ்டிமேட் வாங்கி அனுப்புகிறேன். நீங்கள் பார்த்து 'சரி' என்று எழுதிய பிறகே வேலை தொடங்கும். பில்லை நீங்கள் நேரடியாகக் கொடுத்தாலும் சரி, நான் கொடுத்துவிட்டு அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ள நீங்கள் சம்மதித்தாலும் சரி.

வெள்ளிக்கிழமை, அக்டோபர் 3 மாலைக்குள் ஒரு வரி பதில் போட்டால் லீவு சொல்ல வசதியாக இருக்கும். வீட்டில் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நன்றி சார்."

இந்தப் பதில் உரிமையாளரிடம் "எப்போது" என்று கேட்கவில்லை. தேதிகளை நாமே போட்டுவிட்டு, சரிவருமா என்று கேட்கிறது. வெற்றுத் தாளில் தேதி எழுதுவது யாருக்கும் கஷ்டம். எழுதிவைத்த தேதியைப் பார்த்து "4 வேண்டாம், 5 வரட்டும்" என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லிவிட்டாலே அவர் ஒரு தேதிக்கு வந்துவிட்டார்.

தேதி ஒன்றல்ல, நான்கு என்பதிலும் காரணம் இருக்கிறது. "எல்லாம் எப்போது முடியும்" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால், எல்லாவற்றிலும் தாமதமானது எதுவோ அதற்கேற்பத்தான் பதில் வரும். அதாவது பெயின்டிங்குக்கு ஏற்ப, ஜனவரி என்று. பிரித்துக் கேட்டால், பார்த்துவிட்டுப் போவதற்கான சனிக்கிழமையை மறுக்க அவரிடம் காரணம் இருக்காது. நான்கில் மிக முக்கியமானதும் அதுதான். பிளம்பர் ஒருமுறை வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டால், மற்ற மூன்று தேதிகளையும் அவர்தான் உரிமையாளருக்குச் சொல்வார். மற்றவை நகர்ந்தாலும் இந்த ஒன்றை நகர விடாதீர்கள்.

தேதி கேட்பதற்குச் சொன்ன காரணம் நம்முடைய லீவு. அது நியாயமானது, உண்மையானது, யாரையும் குற்றம் சொல்லாதது. "நீங்கள் சொன்னால் செய்ய மாட்டீர்கள்" என்ற தொனி எங்கேயும் எட்டிப் பார்க்கவில்லை. மரியாதை என்றதும் பலர் "சிரமத்துக்கு மன்னிக்கவும்", "உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது" என்று எழுதிவிடுகிறார்கள். நேரம் கிடைக்கும்போது என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, கிடைக்கவில்லை என்று அவர் சொல்லும்போது வருத்தப்படுவதில் பயனில்லை. அவருடைய கருத்தில் சரியானதை முதலிலேயே ஒத்துக்கொள்வது, அவர் செலவைப் பற்றி யோசிப்பது, வீட்டில் உள்ளவர்களை விசாரிப்பது இவையெல்லாம் மரியாதைதான். தேதியும் கிழமையும் நேரமும் குறிப்பிட்டுக் கேட்பதால் அந்த மரியாதை குறைந்துவிடாது.

வாடகையில் கழிப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நியாயமான காலத்துக்குள் உரிமையாளர் செய்து தராவிட்டால், வாடகைதாரர் செய்துகொண்டு வாடகையில் கழிக்க மேற்சொன்ன சட்டம் இடம் தருகிறது. அப்படியிருந்தும் முதலில் எஸ்டிமேட், பிறகு அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம், அதன் பிறகு வேலை என்ற வரிசையை மாற்றாதீர்கள். சம்மதம் இல்லாமல் கழித்தால் அது வாடகை பாக்கியாகத்தான் அவர் கணக்கில் நிற்கும், அந்தச் சண்டையில் குழாய் மறந்துபோகும். அவர் தொடர்ந்து மறுத்தாலோ பதிலே போடாவிட்டாலோ, ஒப்பந்தம் பதிவு செய்த வாடகை ஆணைய அலுவலகத்துக்குப் போகுமுன் விவரம் தெரிந்த ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. ஓதம் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், ஸ்விட்சைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால், இந்த மின்னஞ்சல், தேதி, லீவு எதுவும் வேண்டாம். அந்தப் பகுதியின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டு, பிறகு உரிமையாளருக்கு போன் செய்யுங்கள். நடந்ததை அன்று இரவு மின்னஞ்சலில் எழுதினால் போதும்.

பதில் அனுப்பிய பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். "சரி தம்பி, சனிக்கிழமை வருவார்" என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல், "நன்றி சார், 4-ஆம் தேதி வீட்டில் இருப்பேன், மற்ற தேதிகள் அவர் பார்த்த பிறகு உறுதி செய்துகொள்வோம்" என்று ஒரு வரி போடுங்கள். போனில் பேசினாலும் அன்றே அந்தப் பேச்சை இரண்டு வரியில் எழுதி அதே சங்கிலியில் அனுப்புங்கள். நம் நாட்டில் முக்கால்வாசி உறுதிமொழிகள் போனிலேயே கொடுக்கப்பட்டு போனிலேயே காணாமல் போகின்றன.

பாதித் தேதிகளுக்கு மட்டும் பதில் வருவது இரண்டாவது. அவர் 4-ஆம் தேதியை ஏற்றுக்கொண்டு மற்றதைப் பற்றிப் பேசவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். சனிக்கிழமை பிளம்பர் வந்ததும் எத்தனை நாள் வேலை, எப்போது தொடங்க முடியும் என்று அவரிடமே கேட்டு, அன்று மாலையே அவர் சொன்ன தேதியை உரிமையாளருக்கு எழுதுங்கள்.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை மாலை வரை பதிலே இல்லை. சனிக்கிழமை காலையில் ஒரு போன், அதைத் தொடர்ந்து ஒரு சிறு மின்னஞ்சல்: "நேற்றுப் பதில் எதிர்பார்த்தேன் சார். வேலையாக இருந்திருப்பீர்கள். பக்கத்தில் உள்ள பிளம்பரை அக்டோபர் 6, திங்கட்கிழமை வந்து பார்க்க மட்டும் சொல்லியிருக்கிறேன். எஸ்டிமேட்டை அன்றே அனுப்புகிறேன்." வந்து பார்ப்பதற்கு அவர் அனுமதி தேவையில்லை, சுவரைத் தொடுவதற்குத்தான் தேவை. எஸ்டிமேட் கையில் கிடைத்ததும் பல உரிமையாளர்கள் பதில் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் அதுவரை மூடுபனியாக இருந்த செலவு இப்போது ஒரு தொகையாகிவிட்டது.

ஒத்துக்கொண்ட தேதி தவறினால் அன்றைக்கே எழுதுங்கள். ஒரு வாரம் பொறுத்திருந்து மொத்தக் கோபத்தையும் சேர்த்து எழுதினால் பதில் சமாதானமாகத்தான் வரும், தேதியாக வராது. "இன்று ஆள் வரவில்லை சார். நாளை மறுநாள் புதன்கிழமை நான் வீட்டில் இருக்க முடியும், அன்று அனுப்ப முடியுமா?" என்பது போதும். இதிலும் தேதியை நாமே சொல்கிறோம்.

வேலை முடிந்ததும் திறந்த காடி, மாற்றிய எல்போ, ஒட்டிய டைல்ஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, இன்ன தேதியில் வேலை முடிந்தது, பெயின்டிங் மட்டும் ஜனவரியில் பாக்கி என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் சுவரை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சியும் ஈரமும் இல்லையென்றால் அதே சங்கிலியில் பெயின்டிங் தேதியை நினைவுபடுத்துங்கள். வீட்டைக் காலி செய்யும்போது சுவர் கெட்டுப்போனதாகச் சொல்லி அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. சுவர் கெட்டது குழாயால், அதை எந்தத் தேதியில் யார் சொன்னார்கள், எந்தத் தேதியில் சரிசெய்தார்கள் என்பதெல்லாம் இந்தச் சங்கிலியில் இருக்கிறது. அட்வான்ஸ் முழுவதும் கைக்கு வந்து சேரும்வரை அந்த மின்னஞ்சல்களை அழித்துவிடாதீர்கள்.